தற்செயலும் சாட்சியமும்: கருதுகோள் சோதனையைப் பற்றிய ஓர் ஆய்வு

ஆன் அரசியின் மருத்துவர்களுள் ஒருவரும் ஜோனதன் ஸ்விப்டின் நண்பருமான ஜான் ஆர்பத்நாட் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், லண்டன் மாநகரில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகளின் கணக்கை 1629 முதல் 1710 வரை ஆண்டுவாரியாகத் தொகுத்து, அதனின்று தாம் பெற்ற ஒரு முடிவை அரச கழகத்தின் ஏட்டில் வெளியிட்டார். அந்த எண்பத்திரண்டு ஆண்டுகளில் ஓர் ஆண்டுகூட விலக்கின்றி, ஆண் குழந்தைகளின் தொகை பெண் குழந்தைகளின் தொகையைவிட மிகுந்தே இருந்தது. 1629-ல் ஆண்கள் 5,218, பெண்கள் 4,683. 1710-ல் ஆண்கள் 7,640, பெண்கள் 7,288. வித்தியாசம் மிகக் குறுகிய 1703-ல்கூட ஆண்கள் 7,765 ஆகவும் பெண்கள் 7,683 ஆகவும் இருந்தனர். இதைக் கண்டு வியந்ததோடு நில்லாமல், இது வெறும் தற்செயலாக நேர்ந்திருக்கக்கூடுமா என்று அவர் கேட்டதும், அந்தக் கேள்விக்கு விடையாக ஓர் எண்ணைக் கணக்கிட்டுத் தந்ததுமே, இன்று கருதுகோள் சோதனை என்று வழங்கும் முறையின் முதல் உதாரணமாகப் புள்ளியியல் வரலாற்றில் வைத்து எண்ணப்படுகின்றன. இம்முறையின் பலமும் பலவீனமும் அந்த ஒரு கட்டுரையிலேயே முழுமையாக அடங்கியிருப்பதால், அதையே அடிப்படையாகக் கொண்டு இவ்விஷயத்தை ஆராய்வது பொருத்தமாகும்.

ஆர்பத்நாட் செய்தது இதுதான். ஆணோ பெண்ணோ பிறப்பது, நாணயத்தைச் சுண்டும்போது பூவோ தலையோ விழுவதைப் போலச் சம வாய்ப்புடையது என்று முதலில் வைத்துக்கொண்டார். அவர் அதை நம்பவில்லை. அதை நம்ப முடியாதென்று காட்டுவதற்காகவே அதை எடுத்துக்கொண்டார். இவ்வாறு, மறுத்துப் பார்ப்பதற்கென்றே தற்காலிகமாக ஏற்றுக்கொள்ளப்படும் கூற்றுக்குச் சூனியக் கருதுகோள் என்று பெயர். அக்கருதுகோள் மெய்யானால், எந்த ஓர் ஆண்டிலும் ஆண்கள் மிகுவதற்குரிய நிகழ்தகவு ஏறக்குறைய அரை. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து மிகுவதற்குக் கால். மூன்று ஆண்டுகளுக்கு அரைக்கால். இப்படியே எண்பத்திரண்டு முறை பாதியாக்கிக்கொண்டு போனால் கிடைக்கும் பின்னத்தின் கீழ்ப்பகுதி இருபத்தைந்து இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணாகிறது. சம வாய்ப்பு என்ற கருதுகோளின் கீழ் இத்தகைய நிகழ்ச்சி நடைபெறுவது, காரிய அளவில், நடவாது என்பதற்கே சமமாகும். ஆதலின் அக்கருதுகோளைத் தள்ளிவிட வேண்டும் என்று அவர் தீர்மானித்தார்.

அவர் கணக்கிட்ட அந்தச் சிறு பின்னத்தையே இன்று பி-மதிப்பு என்கிறோம். அதன் இலக்கணத்தைச் சொல் பிசகாமல் கூறினால், சூனியக் கருதுகோள் மெய்யென்று வைத்துக்கொண்டால், நாம் கண்ட விளைவோ, அதைவிடவும் அக்கருதுகோளுக்கு முரணான விளைவோ தோன்றுவதற்குரிய நிகழ்தகவே பி-மதிப்பாகும். எண்பத்திரண்டு ஆண்டுகளும் பெண்களே மிகுந்திருந்தால் அதையும் ஆர்பத்நாட் இதே அளவு வியப்புடன் பார்த்திருப்பார் என்பதால், இந்நாளைய வழக்கப்படி அந்த எதிர்ப்பக்கத்தையும் சேர்த்து இரட்டிப்பாக்குவது முறை. அவர் விஷயத்தில் அந்த இரட்டிப்பால் ஒன்றும் மாறாது. இலக்கணத்தின் தொடக்கத்திலுள்ள ‘மெய்யென்று வைத்துக்கொண்டால்’ என்ற நிபந்தனையை விட்டுவிட்டுப் படிப்பதால்தான், பி-மதிப்பைப் பற்றிய தவறான அபிப்பிராயங்களில் பெரும்பாலானவை பிறக்கின்றன.

முதல் தவறு ஆர்பத்நாட்டினுடையதே. சம வாய்ப்பு என்ற கருதுகோள் வீழ்ந்தவுடன், அதனிடத்தில் இறைவனின் திருவுள்ளத்தை அவர் அமர்த்தினார். ஆடவர் உணவு தேடி வெளியே செல்லுங்கால் ஆபத்துக்களுக்கு மிகுதியும் ஆளாகி மடிகின்றனர். அந்த இழப்பை ஈடுசெய்து, ஒவ்வொரு பெண்ணுக்கும் தக்க பருவத்தில் ஒரு துணைவன் கிட்டும்படியாக ஆண்களைச் சற்றே அதிகமாகப் படைப்பது தெய்வ சங்கற்பம். எனவே ஒருவன் பல பெண்களை மணப்பது இயற்கைக்கே விரோதம் என்பது வரையில் அவருடைய வாதம் நீண்டது. இதைப் படித்த நிக்கலாஸ் பெர்னூலி என்ற கணித அறிஞர் எழுப்பிய ஆட்சேபம் எளிமையானது, ஆனால் பதில் சொல்வதற்கு அரியது. இரண்டு முகங்கள் கொண்ட நாணயத்துக்குப் பதிலாக முப்பத்தைந்து முகங்கள் கொண்ட ஒரு பகடையை எண்ணிப் பாருங்கள். அதில் பதினெட்டு முகங்கள் ஆண், பதினேழு முகங்கள் பெண். அந்தப் பகடையை ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான முறை உருட்டினால் லண்டனின் கணக்கில் கண்ட எண்களே தோன்றும். அதற்கு மேல் எந்த விசேஷ விளக்கமும் வேண்டியதில்லை என்றார் அவர்.

இதை நாமே சரிபார்க்கலாம். ஓராண்டில் பத்தாயிரம் குழந்தைகள் என்று கொண்டால், பெர்னூலியின் பகடைப்படி சுமார் 5,143 ஆண்களை எதிர்பார்க்கலாம். தற்செயலால் ஏற்படக்கூடிய ஏற்றத்தாழ்வின் அளவுகோலாகிய திட்டவிலக்கம் இங்கே 50. பெண்கள் மிகவேண்டுமானால் ஆண்களின் தொகை எதிர்பார்த்ததைவிட 143 குறைந்து, ஏறக்குறைய மூன்று திட்டவிலக்கங்கள் கீழே இறங்கியாக வேண்டும். அது ஆயிரத்தில் இரண்டு தடவைதான் நேரும். ஆகவே எண்பத்திரண்டு ஆண்டுகளும் தொடர்ந்து ஆண்களே மிகுவதற்குரிய நிகழ்தகவு இந்தப் பகடையின்படி ஐந்தில் நான்கு பங்குக்கும் மேலாகிறது. நாணயத்தின் கீழ் நடக்கவே முடியாததாகத் தோன்றிய அதே நிகழ்ச்சி, சிறிதே சாய்ந்த ஒரு பகடையின் கீழ் முற்றிலும் சாதாரணமாகிவிடுகிறது. பின்னர் தெ மோவர் என்ற கணித மேதை, அந்தப் பகடையைச் செய்து வைத்தவர் யார் என்று கேட்டு ஆர்பத்நாட்டின் பக்கம் நின்றார். அந்தக் கேள்வியின் மதிப்பு எதுவாயினும், அதற்கு ஞானஸ்நானப் பதிவேடு விடை சொல்லாது என்பது தெளிவு. பி-மதிப்பு எவ்வளவு நுண்ணியதாக இருந்தாலும் அது பேசுவது ஒரே ஒரு கருதுகோளைப் பற்றித்தான். அது தள்ளப்பட்ட பிறகு காலியாகும் இடத்தில் எதை வைப்பது என்பதை அது சொல்வதில்லை. அந்த இடத்துக்கு உரிமை கோரும் ஒவ்வொரு விளக்கமும் தனக்குரிய சாட்சியத்தைத் தானே கொண்டு வரவேண்டும்.

சூனியக் கருதுகோளுடன் சேர்ந்து, வெளியே தெரியாத வேறு பல ஊகங்களும் கணக்கில் நுழைந்துவிடுகின்றன என்பதையும் இங்கேயே குறித்துவிடுவது நலம். ஆர்பத்நாட் எண்ணியது பிறப்புக்களை அல்ல; இங்கிலாந்துத் திருச்சபையின் பதிவேடுகளில் ஏறிய ஞானஸ்நானங்களை. பிறந்து சில நாட்களுக்குள் இறந்தவர்களும் வேறு சபைகளைச் சேர்ந்தவர்களும் அவற்றில் இடம்பெறவில்லை. பதிவுக்கு வராதவர்களுள் பெண்கள் மிகுந்திருந்தால், பிறப்பில் இல்லாத ஒரு வித்தியாசம் ஏட்டில் தோன்றியிருக்கும். அப்போதும் பி-மதிப்பு அதே அளவு சிறியதாகவே வந்திருக்கும். பதிவு செம்மையாக நடந்ததா என்ற விசாரணையைச் சூத்திரம் செய்யாது, மனிதர்தாம் செய்யவேண்டும்.

இனி, எண்பத்திரண்டு ஆண்டுகளையும் ஒன்றாகப் பாராமல் தனித்தனி ஆண்டுகளை எடுத்துச் சோதித்தால் என்ன ஆகிறது என்று பார்ப்போம். 1710-ல் மொத்தம் 14,928 குழந்தைகள். அதில் பாதி 7,464. ஆண்கள் அதைவிட 176 பேர் அதிகம். சம வாய்ப்பு மெய்யானால், மொத்தத் தொகையின் வர்க்கமூலத்தில் பாதியே திட்டவிலக்கம். அது இங்கே 61. ஆகவே கண்ட மிகுதி 2.9 திட்டவிலக்கங்களுக்குச் சமம். இரு பக்கமும் சேர்த்து அதற்குரிய பி-மதிப்பு 0.004. அதாவது, சம வாய்ப்பு நிலவும் உலகில் இத்தனை பெரிய வித்தியாசம் ஆயிரம் ஆண்டுகளில் நான்கு ஆண்டுகளில்தான் காணப்படும். 1703-ஐ எடுத்தால், 15,448 குழந்தைகளில் ஆண்கள் பாதியைவிட 41 பேர்தான் அதிகம்; திட்டவிலக்கம் 62; பி-மதிப்பு 0.51. சம வாய்ப்பு உலகில் இரண்டு ஆண்டுகளுக்கு ஓர் ஆண்டு இதைவிடப் பெரிய வித்தியாசம் தோன்றும்.

1703-ன் கணக்கை மட்டும் கையில் வைத்திருக்கும் ஒருவர், ஆண்பெண் பிறப்பு சமமே என்று நிரூபணமாகிவிட்டதாகச் சொல்வாரானால் அது பெரும் பிழை. அந்த ஆண்டின் எண்கள் சம வாய்ப்போடு முரண்படவில்லை என்பதுதான் அவர் சொல்லத் தக்கது. அவை வேறு பல கருதுகோள்களோடும் முரண்படவில்லை. ஆண்களின் பங்கு 1703-ல் 50.3 சதவீதம்; தற்செயலின் ஏற்றத்தாழ்வுக்கு இடம் விட்டு நம்பிக்கை இடைவெளி என்னும் எல்லைகளை வகுத்தால், 49.5 முதல் 51.1 வரையுள்ள எந்த மெய்ப்பங்கோடும் அந்த எண்கள் பொருந்தும். 1710-ன் பங்கு 51.2, அதன் எல்லைகள் 50.4 முதல் 52.0 வரை. இரண்டு இடைவெளிகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடப்பதைப் பாருங்கள். ஓராண்டில் பி-மதிப்பு 0.004, மற்றோராண்டில் 0.51 என்பதைக் கண்டு, ஏழாண்டுகளுக்குள் லண்டன் மக்களின் பிறப்பு விதியே மாறிவிட்டது என்று எழுதத் துணிபவர் உண்டு. ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளுக்குமிடையே உள்ள வித்தியாசத்தையே நேராகச் சோதித்தால் பி-மதிப்பு 0.11 என்றுதான் வருகிறது. ஒன்று எல்லைக்கு இப்பாலும் மற்றொன்று அப்பாலும் விழுந்துவிட்டதால் மட்டும் இரண்டும் வேறுபட்டவை ஆகிவிடா. மருந்து ஆண்களுக்குப் பலித்தது, பெண்களுக்குப் பலிக்கவில்லை என்றெல்லாம் வெளிவரும் அறிக்கைகளில் இந்தப் பிழை ஒளிந்திருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

1703-ஆம் ஆண்டை எண்பத்திரண்டில் மிகக் குறுகிய வித்தியாசமுடையது என்பதற்காகவே நான் தேர்ந்தெடுத்தேன் என்பதையும் வாசகர் மறக்கலாகாது. பெர்னூலியின் பகடையைச் சூனியக் கருதுகோளாக வைத்து அந்த ஆண்டைச் சோதித்தால் பி-மதிப்பு மீண்டும் 0.004 என்று வருகிறது. அவ்வளவில் பகடையும் பொய்யென்று சொல்லத் தோன்றும். ஆனால் எண்பத்திரண்டு ஆண்டுகளையும் புரட்டிப் பார்த்து, அவற்றுள் மிக விசித்திரமான ஒன்றைப் பொறுக்கியெடுத்த பிறகு அந்த எண்ணின் பொருள் மாறிவிடுகிறது. எண்பத்திரண்டு ஆண்டுகளுள் ஏதேனும் ஓர் ஆண்டாவது இத்தனை விலகியிருப்பதற்குரிய நிகழ்தகவு நான்கில் ஒன்றுக்கும் மேல். எத்தனை இடங்களில் தேடினோம் என்பதை மறைத்து, கிடைத்த இடத்தின் பி-மதிப்பை மட்டும் காட்டுவது, தெரிந்து செய்தாலும் தெரியாமல் செய்தாலும், வாசகரை ஏமாற்றுவதே ஆகும்.

எந்த அளவுக்குக் கீழே வந்தால் சூனியக் கருதுகோளைத் தள்ளலாம் என்ற கேள்விக்கு இன்று பரவலாக வழங்கும் விடை 0.05. ரோதம்ஸ்டெட் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ரொனால்டு பிஷர், 1925-ல் வெளியிட்ட தம் நூலில் இருபதில் ஒன்று என்ற இந்த அளவை வசதியானதோர் எல்லையாகக் கையாண்டார். ஒரு சோதனையில் அந்த எல்லையைத் தாண்டிவிட்டதாலேயே உண்மை ஸ்தாபிதமாகிவிட்டது என்பது அவர் கருத்தன்று. திரும்பத் திரும்பச் செய்யும்போது அநேகமாகத் தவறாமல் அத்தகைய விளைவைத் தரும் சோதனையையே அவர் நம்பத்தக்கதாக எண்ணினார். 1933-ல் ஜெர்சி நெய்மனும் எகான் பியர்சனும் வேறொரு நோக்கோடு இப்பிரச்சினையை அணுகினர். மெய்யான சூனியக் கருதுகோளைத் தள்ளிவிடுவது முதல் வகைப் பிழை; பொய்யானதைத் தள்ளாமல் விட்டுவிடுவது இரண்டாம் வகைப் பிழை. இரண்டாம் பிழை நேராமல் தப்பும் நிகழ்தகவே சோதனையின் திறன். தரவுகளைப் பார்ப்பதற்கு முன்பே இவ்விரு பிழைகளுக்கும் எவ்வளவு இடம் கொடுப்பது என்று முடிவு செய்து, அதற்கேற்ப மாதிரியின் அளவை வகுக்கவேண்டும் என்பது அவர்கள் கொள்கை. பிஷருக்குப் பி-மதிப்பு சாட்சியத்தின் அளவு. நெய்மனுக்குத் தீர்மானத்தின் விதியே முக்கியம். பிற்காலத்தில் இவர்கள் ஒருவரையொருவர் கடுமையாக எதிர்த்து வந்திருக்க, பின்வந்த பாடநூல்கள் இருவர் கொள்கையையும் ஒன்றாகப் பிசைந்து, பி-மதிப்பைக் கணக்கிடு, 0.05-க்குக் கீழிருந்தால் உண்டென்று எழுது, மேலிருந்தால் இல்லையென்று எழுது என்ற ஒரு யந்திர விதியாக்கி மாணாக்கர் கையில் கொடுத்துவிட்டன. அவ்விருவருள் எவரும் இதற்கு உடன்பட்டிருக்கமாட்டார்.

இனி, எல்லாவற்றினும் பரவலான தவறான அபிப்பிராயத்துக்கு வருவோம். பி-மதிப்பு 0.04 என்றால், சூனியக் கருதுகோள் மெய்யாக இருப்பதற்கு நூற்றில் நான்கு பங்கு வாய்ப்பே உண்டென்றும், ஆகவே நம் கொள்கை நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு நிச்சயமென்றும் படித்தவர்களே எண்ணுகின்றனர். மலேரியா கண்டவர்களுள் அநேகமாக எல்லோருக்கும் காய்ச்சல் உண்டு. ஆயினும் காய்ச்சல் கண்டவர்களுள் அநேகமாக எல்லோருக்கும் மலேரியா என்று எந்த மருத்துவரும் சொல்லமாட்டார். கருதுகோள் மெய்யானால் தரவுகள் இப்படித் தோன்றும் நிகழ்தகவு ஒன்று. தரவுகள் இப்படித் தோன்றியிருக்கக் கருதுகோள் மெய்யாயிருக்கும் நிகழ்தகவு வேறொன்று. பி-மதிப்பு தருவது முன்னதை. நாம் ஆசைப்படுவது பின்னதை.

பின்னதைக் கணக்கிடவே முடியாதா என்றால், முடியும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. ஆர்பத்நாட்டின் அதே கேள்வியைப் பாரிஸ் நகரத்தின் கணக்கைக் கொண்டு லாப்லாஸ் ஆராய்ந்தார். 1745 முதல் 1770 வரை அங்கே 2,51,527 ஆண் குழந்தைகளும் 2,41,945 பெண் குழந்தைகளும் பிறந்திருந்தனர். ஆண் பிறப்பின் மெய்யான நிகழ்தகவு எதுவாகவும் இருக்கலாம், எல்லா மதிப்புக்களும் ஆரம்பத்தில் சமமாக நம்பத்தக்கவை என்று தொடங்கி, இந்த எண்களைக் கண்ட பிறகு அது அரைக்கு மேற்படாமல் இருப்பதற்குரிய நிகழ்தகவைக் கணித்தார்; அது சொல்லத் தகாத அளவு சிறியதாக வந்தது. லாப்லாஸ் கணித்தது கருதுகோளின் நிகழ்தகவேதான். அவர் அதைப் பெற்றது, தரவுகளைக் காணுமுன் எந்தெந்த மதிப்பை எவ்வளவு நம்பினோம் என்ற முன்னம்பிக்கையைக் கணக்கில் வெளிப்படையாகச் சேர்த்ததனால். ஆர்பத்நாட்டின் கணக்கில் அத்தகைய முன்னம்பிக்கை எதுவும் இல்லை. அதனால்தான் அவருடைய எண்ணிலிருந்து அந்த விடையை வருவிக்க முடியாது.

முன்னம்பிக்கை எவ்வளவு வித்தியாசத்தை உண்டாக்கும் என்பதை ஒரு கணக்கால் தெளியலாம். பிறக்கும் குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தாயின் உணவும், கருவுற்ற திதியும், தந்தையின் தொழிலும் நிர்ணயிப்பதாக உலகெங்கும் எத்தனையோ ஊகங்கள் உண்டு. அப்படிப்பட்ட ஆயிரம் ஊகங்கள் சோதனைக்கு வருவதாகவும், அவற்றுள் நூறு மட்டுமே மெய்யென்றும், மெய்யானவற்றுள் பாதியைக் கண்டுபிடிக்கும் திறன் சோதனைக்கு உண்டென்றும் வைத்துக்கொள்வோம். மெய்யான நூற்றில் ஐம்பது 0.05 என்ற எல்லைக்குக் கீழே வரும். பொய்யான தொள்ளாயிரத்தில் இருபதில் ஒன்றாக நாற்பத்தைந்தும் தற்செயலால் அதே எல்லைக்குக் கீழே வரும். வெற்றியென்று அறிவிக்கப்படும் தொண்ணூற்றைந்தில் நாற்பத்தைந்து பொய். எல்லை இருபதில் ஒன்றாக இருக்க, பொய்யோ ஏறக்குறைய பாதிக்குப் பாதியாக நிற்கிறது. மெய்யானவை இன்னும் அரிதாக இருந்தாலோ, சோதனையின் திறன் இன்னும் குறைந்தாலோ, நிலைமை மேலும் மோசமாகும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. சதோஷி கனசாவா என்பவர் 2007-ல் ஒரு விஞ்ஞான ஏட்டில், அழகான பெற்றோருக்குப் பெண் குழந்தைகள் மிகுதியாகப் பிறக்கின்றன என்று எழுதினார். அமெரிக்காவில் சுமார் மூவாயிரம் பேரிடம் திரட்டிய தரவுகளில், மிக அழகானவர்கள் என்று மதிப்பிடப்பட்டவர்களின் முதற்குழந்தைகளில் 56 சதவீதம் பெண்களாகவும், ஏனையோரின் முதற்குழந்தைகளில் 48 சதவீதமே பெண்களாகவும் இருந்ததைக் காட்டினார். பி-மதிப்பு வழக்கமான எல்லைக்குள்ளேயே இருந்தது; செய்தித்தாள்களும் அதை விரும்பி ஏற்றன. ஆண்ட்ரூ கெல்மன், டேவிட் வீக்லியம் என்ற இரு அறிஞர்கள் இதை ஆராய்ந்தபோது கண்டது யாதெனில், அழகு ஐந்து படிகளாக மதிப்பிடப்பட்டிருக்க, உச்சிப்படியை மட்டும் தனியே பிரித்து மற்ற நான்கோடு ஒப்பிட்டபோதுதான் அந்த வித்தியாசம் எழுந்தது. வேறு விதமாகப் பிரித்திருந்தால் வேறு விடை வந்திருக்கும். எண்பத்திரண்டு ஆண்டுகளுள் ஒன்றைப் பொறுக்குவதும் இதுவும் ஒரே இனம்.

இதைவிட ஆழமான குறை ஒன்றும் உண்டு. பிறப்பின் ஆண்பெண் விகிதம் மக்கள்தொகை நூலில் மிக நுணுக்கமாக அளக்கப்பட்ட விஷயம். ஒரு மக்கட் பிரிவுக்கும் மற்றொன்றுக்கும் இடையே அது ஒரு சதவீதத்துக்கு மேல் இயற்கையாக வேறுபடுவது அரிது. மூவாயிரம் பேரில் முந்நூறு பேர் உச்சிப்படியில் இருந்ததாகக் கொண்டால், வித்தியாசத்தின் திட்டப்பிழை மட்டும் மூன்று சதவீதம். அத்தகைய சோதனையில் ஆறு சதவீதத்துக்குக் குறைந்த எந்த வித்தியாசமும் 0.05 என்ற எல்லையைத் தாண்டாது. எனவே மெய்யான வித்தியாசம் அரைக்கால் சதவீதமோ கால் சதவீதமோ இருந்தாலும், எல்லையைத் தாண்டி அச்சேறும் எண் அதைப்போல இருபது மடங்குக்கு மேல் பெருத்தே இருக்கும்; அதன் திசைகூடத் தலைகீழாக இருக்கலாம். திறனற்ற சோதனையில் கிடைத்த சிறு பி-மதிப்பைப் பார்த்து, இவ்வளவு சிறிய மாதிரியிலேயே இது தெரிந்துவிட்டதே, ஆகவே உண்மை எவ்வளவு வலுவானதாக இருக்கவேண்டும் என்று மகிழ்பவர்கள் விஷயத்தை நேர்மாறாகப் புரிந்துகொண்டவர்கள். கெல்மனும் வீக்லியமும், ஓர் அமெரிக்க வார இதழ் 1995 முதல் 2000 வரை வெளியிட்ட அழகர் பட்டியல்களை எடுத்து, அதில் உள்ளோரின் குழந்தைகளை எண்ணிப் பார்த்தனர். 329 குழந்தைகளில் பெண்கள் 157, அதாவது 47.7 சதவீதம்.

உளவியல் துறையில் இந்நோய் எவ்வளவு பரவியிருந்தது என்பது 2015-ல் வெளியான ஒரு கூட்டு முயற்சியால் தெரியவந்தது. ஏற்கெனவே அச்சேறிய நூறு ஆய்வுகளை மீண்டும் செய்து பார்த்தபோது, முதலில் 97 சதவீதம் முக்கியத்துவ மட்டம் எனப்படும் அந்த 0.05 எல்லையை எட்டியிருக்க, இரண்டாம் முறை 36 சதவீதமே எட்டின. அடுத்த ஆண்டே அமெரிக்கப் புள்ளியியல் சங்கம், பி-மதிப்பு கருதுகோளின் மெய்ம்மையை அளப்பதன்று, விளைவின் பெருமையை அளப்பதன்று, அது ஓர் எல்லையைத் தாண்டியதா என்பதைக் கொண்டு மட்டும் தீர்மானம் செய்யலாகாது என்று அறிக்கை வெளியிட்டது. 2019-ல் எண்ணூறுக்கும் மேற்பட்ட அறிஞர்கள், முக்கியத்துவ மட்டம் என்ற பிரிவினையையே கைவிடவேண்டும் என்று கையொப்பமிட்டனர். அவ்வளவு தூரம் செல்லவேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். மருந்துகளை அனுமதிப்பது போன்ற காரியங்களில் முன்கூட்டியே வகுத்த ஓர் எல்லை இல்லாவிட்டால், பின்னால் ஆளுக்கொரு நியாயம் கற்பிக்க இடமாகிவிடும். கைவிட வேண்டியது, அந்த எல்லையைத் தாண்டியதையே உண்மையென்று கொள்ளும் பழக்கத்தை.

ஆர்பத்நாட்டின் கேள்வி நம் நாட்டில் இன்னும் உயிரோடிருக்கிறது. இங்கே அது துயரமானதும்கூட. பெண்சிசுக் கொலையைத் தடுக்கும் பொருட்டுச் சேலத்தில் 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கவேண்டி வந்த தமிழகத்தில், பிறப்புப் பதிவேட்டில் பெண்கள் குறைகிறார்களா என்பது வெறும் கணித வினோதமல்ல. இங்கே சூனியக் கருதுகோளாக நாணயத்தை வைப்பது தவறு. தலையீடு இல்லாத இடங்களில் நூறு பெண்களுக்குச் சுமார் நூற்றைந்து ஆண்கள் பிறப்பது இயல்பாதலால், ஆண்களின் பங்கு 51.2 சதவீதம் என்பதே நாம் சோதிக்க வேண்டிய கூற்று. ஓர் ஊராட்சி ஒன்றியத்தில் ஓராண்டில் ஆயிரம் பிறப்புக்கள் பதிவாகி, அவற்றுள் 540 ஆண்கள் என்று வைத்துக்கொள்வோம். எதிர்பார்த்தது 512, மிகுதி 28, திட்டவிலக்கம் சுமார் 16, பி-மதிப்பு 0.08. முக்கியத்துவ மட்டத்தை எட்டவில்லை, ஆகவே குறையொன்றும் இல்லை என்று கோப்பில் எழுதிக் கட்டிவைத்துவிடலாம். ஆனால் அந்த ஆயிரத்தில் நூறு பெண்களுக்கு 117 ஆண்கள் வீதம் இருக்கிறார்கள். நம்பிக்கை இடைவெளி 50.9 முதல் 57.1 வரை நீள்கிறது. அதன் ஒரு முனை இயற்கையான விகிதத்தைத் தொடுகிறது. மறு முனையோ கருவிலேயே பெண்கள் பெருவாரியாக அழிக்கப்படுவதைக் காட்டுகிறது. அந்தப் பதிவேடு குற்றமில்லை என்று சொல்லவில்லை. தீர்ப்புக்குப் போதுமான சாட்சியம் தன்னிடம் இல்லை என்றே சொல்கிறது. இதே விகிதம் பத்தாயிரம் பிறப்புக்களில் கண்டால் எதிர்பார்ப்பினின்றும் ஐந்து திட்டவிலக்கங்களுக்கு மேல் விலகி நிற்கும். தற்செயல் என்ற சமாதானத்துக்கு அப்போது இடமிராது.

இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு. பத்து லட்சம் பிறப்புக்களைத் திரட்டி, ஆண்களின் பங்கு 51.3 என்று கண்டால், திட்டவிலக்கம் ஐந்நூறே ஆதலால் அந்தப் பத்தில் ஒரு சதவீத வித்தியாசத்துக்கும் பி-மதிப்பு 0.05-க்குக் கீழே இறங்கிவிடும். அது பதிவுமுறையின் சிறு சறுக்கலாலும் வரக்கூடியது. அதைக் கொண்டு ஓர் ஊரின்மேல் பழி சுமத்துவது அநியாயம். தமிழகத்தின் முப்பத்தெட்டு மாவட்டங்களையும் தனித்தனியே சோதித்தால், எங்கும் எந்தக் கேடும் இல்லையென்றாலும், இரண்டு மாவட்டங்கள் அளவில் தற்செயலாகவே எல்லைக்குள் விழும். ஒன்றாவது விழுவதற்குரிய நிகழ்தகவு 86 சதவீதம். அப்படி விழுந்த மாவட்டத்தின் பெயரைத் தலைப்பிட்டு வெளியிடுமுன், அடுத்த ஆண்டின் பதிவேட்டிலும் அதே திசையில் அதே அளவு விலகல் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

ஆகவே பிறப்புப் பதிவேட்டைக் கையாளும் அதிகாரிகளையும், அதைப் பற்றி எழுதும் பத்திரிகையாளர்களையும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். பி-மதிப்பை எழுதுங்கள், அதனருகே எத்தனை பிறப்புக்கள், எதிர்பார்த்த பங்கு எது, கண்ட பங்கு எது, அதன் இடைவெளி எதுமுதல் எதுவரை, எத்தனை இடங்களைச் சோதித்த பின் இந்த இடம் அகப்பட்டது என்பவற்றையும் எழுதுங்கள். ஆயிரம் பிறப்புக்கள் உள்ள ஓர் ஒன்றியத்தில் 0.08 என்ற எண் வந்தால், கோப்பை மூடாதீர்கள். பக்கத்து ஒன்றியங்களின் கணக்கையும், முந்திய நான்கைந்து ஆண்டுகளின் கணக்கையும் வரவழைத்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி மீண்டும் சோதியுங்கள்.